தூங்குவதாகச் சொன்ன நெல்

ரத்தினபாய் நெல்லை நீளவாக்கில் பிளந்துகொண்டிருந்தாள். பிளேடு பக்கத்து வீட்டுக்காரியான என்னுடையது, நான் நர்ஸாக இருந்த நாளில் வாங்கியது. முளைக்கரு இரண்டாகும்படி ஒரே அழுத்து. ஒரு பாதி கிண்ணத்துக்கு, மறு பாதி குப்பைக்கு. கோபத்தில் தாடை இறுகியிருந்தது. கை மட்டும் நிதானமாக வேலை செய்தது.

கணவர் இறந்தபின் மேற்குத் தாம்பரத்தில் விதைக்கடையைக் கொழுந்தன் வில்பிரட்டோடு நடத்தினாள். புது மூட்டை வந்தால் குத்தூசியால் மேல், நடு, அடி மூன்றிலும் நெல் எடுப்பாள். ஈரத்துணியில் நூறு நூறாகப் பரப்பி, முளைத்ததை எண்ணி முடிக்கும்வரை ஒரு மூட்டையும் விற்கக் கூடாது.

அறுபத்தொன்பதில் நவரைப் பட்டத்துக்கு வந்த ஐ.ஆர். எட்டு விதைநெல்லில் நூற்றுக்கு நாற்பத்தொன்றுதான் முளைத்தது. சில அழுகின, மற்றவை கெட்டியாகவே கிடந்தன. கம்பெனி ஏஜெண்ட் சம்பத் அசரவில்லை.

"புது அறுப்பு மேடம். சாவல, தூங்கினு கீது. கொஞ்ச நாள் போனா தானா எந்திரிக்கும்."

புது நெல் அப்படித் தூங்குவதும் உண்டு. அதனால் அவளால் உடனே மறுக்க முடியவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த அசரியாவிடம் டெட்ரசோலியம் கரைசல் வாங்கி வந்தாள். மூச்சுள்ள கரு, தூங்கினாலும், அதில் சிவக்கும். செத்தது வெள்ளையாகவே நிற்கும்.

முளைக்காமல் கெட்டியாக இருந்தவற்றைத்தான் பிளந்தாள். பக்கத்தில் ஒத்துப்பார்க்க, போன தடவை வந்த லாட்டின் நெல்லையும் இரவே ஊறவைத்துப் பிளந்து கரைசலில் போட்டாள். கிண்ணங்களைக் கறுப்புத் துணியால் மூடி அடுப்பங்கரை வெதுவெதுப்பில் வைத்தபோதுதான் வில்பிரட் வாயைத் திறந்தான். கோவிலம்பாக்கம் பொன்னுரங்கத்துக்கு சம்பத்தின் லாட்டில் ஒரு மூட்டை கொடுத்துவிட்டானாம். அவர் நாற்றங்கால் உழுது வைத்திருந்தார். நாளைக் காலை விதையை ஊறப்போடுவார். கிணற்றுத் தண்ணீர் இன்னொரு நாற்றங்காலுக்குக் காணாது.

"கம்பெனி லேபிள் இருந்துச்சு, அண்ணி."

"லேபிளா முளைக்கும்?"

சாயங்காலம் துணியை விலக்கினாள். பழைய லாட்டின் கருக்கள் நல்ல சிவப்பு. சம்பத்தின் நெல்லில் ஒன்றிரண்டின் ஓரத்தில் மட்டும் லேசாக நிறம் ஏறியிருந்தது. மற்றதெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. மாலையில் தகவல் கேட்க வந்த சம்பத்தின் மூக்குக்கு நேரே கிண்ணத்தை நீட்டினாள்.

"தூங்குதுன்னா செவக்கணும். இது பொணம். உன் மூட்டையெல்லாம் எடுத்துக்கினு போ."

"கம்பெனி இனிமே உங்களுக்கு லாட் அனுப்பாது மேடம்."

"அனுப்ப வேணாம்."

மறுநாள் விடிவதற்குள், பழைய லாட்டில் மீந்திருந்த ஒரே மூட்டையை வில்பிரட்டின் தலையில் ஏற்றி முதல் பஸ்ஸைப் பிடித்தாள். பொன்னுரங்கம் அண்டாவுக்குப் பக்கத்தில் மூட்டைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ரத்தினபாய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். காரணத்தை அவள் சொல்லவில்லை. வில்பிரட்டைச் சொல்லவைத்தாள். அவன் முழுதும் சொல்லி முடித்தபின் நல்ல நெல்லை அவளே அண்டாவில் கொட்டினாள்.