புஷ்பவல்லி பாதியில் விட்ட பதில்

புஷ்பவல்லி இப்போது கிள்ளானில் ஒரு தாய்சேய் கிளினிக்கில் வேலை செய்கிறாள். மருத்துவச்சி வாய்மொழித் தேர்வில் எப்படித் தேறினாள் என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வாள். அது தன்னடக்கம் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. தேர்வு நாளன்று காலை அவள் பக்கத்தில் இருந்த வள்ளி நான்தான்.

1984-இல் நாங்கள் இருவரும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். அவள் ஜெஞ்சாரோம்காரி. அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டினார். முந்தைய தேர்வில் எழுத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியும் வாய்மொழியில் விழுந்திருந்தாள்; நான் அதிலேயே தேறிவிட்டேன். இது இரண்டாவது முறை. இதிலும் விழுந்தால் பயிற்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள்; பழையபடி வார்டில் படுக்கை விரிக்கும் வேலைதான்.

அவளுடைய குறிப்புகள் எங்கள் அணியில் பெயர் பெற்றவை. பாடப்புத்தகத்தின் ஒவ்வோர் அத்தியாயத்தையும் நான்கு பக்கமாகச் சுருக்கி, நீல மையில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி வைத்திருந்தாள். பிள்ளை பிறந்தபின் ஏற்படும் இரத்தப்போக்கு பற்றிய அத்தியாயத்துக்கு அவள் எழுதிய சுருக்கத்தை நானே இரண்டு முறை பிரதி எடுத்திருக்கிறேன். முதலில் விளக்கம், பிறகு காரணங்கள், யாருக்கு வரும், அறிகுறிகள், சிகிச்சை, பின்விளைவுகள். அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிறுத்தாமல் ஒப்பிப்பாள். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்குவாள்.

அவள் முறை மத்தியானத்துக்கு மேல் என்றுதான் சொல்லியிருந்தார்கள். காலையில் அவளுக்குத் துணையாகப் போய்ப் பார்த்தால் பெயர்ப் பட்டியலைக் கடைசியிலிருந்து கூப்பிடுகிறார்கள். புஷ்பவல்லி ஐந்தாவது ஆள். ஒருவருக்குப் பத்து நிமிடம். முதல் ஆளாகப் போன சந்திரகலா முகம் வெளுத்து வெளியே வந்தாள். தேர்வு நடத்தும் டாக்டர் பாடத்தைக் கேட்பதில்லை, ஒரு நோயாளியைச் சொல்லி என்ன செய்வாய் என்று கேட்கிறார் என்றாள். சந்திரகலா விளக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறாள்.

“அம்மாவுக்கு ரத்தம் போய்க்கிட்டிருக்கு, நீ அகராதி படிச்சுக்கிட்டு நிக்கிறேன்னு சொல்லிட்டாருலா” என்றாள்.

புஷ்பவல்லி தன் நான்கு பக்கங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இன்னும் அரை மணி நேரம்கூட முழுதாக இல்லை.

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தோம். என் பையில் ஒரு தபால் அட்டை இருந்தது. நான்கு பக்கத்தையும் அதில் அடக்கினால் போதும் என்று நினைத்து, பகுதிக்கு ஒரு வரியாக எழுதினேன். அவள் அதைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு நிமிடம் ஆனது. அவள் காரணங்களில் நின்றுகொண்டிருந்தாள். சிகிச்சைக்கு வர இன்னும் இரண்டு தலைப்பு பாக்கி. நீளம் குறைந்ததே தவிர வரிசை மாறவில்லை. எனக்கு அது அப்போதுதான் புரிந்தது.

அட்டையின் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு, சிகிச்சையை மேலே கொண்டுவந்தேன். இப்போது வேறு குழப்பம். கருப்பையைத் தேய்த்துவிட வேண்டும் என்று சொல்வாள். ஏன் என்று கேட்டால் முதல் பக்கத்தைத் தேடுவாள். சிறுநீரை வெளியேற்ற வேண்டும் என்பது மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையைச் சுருங்க விடாது என்பது முதல் பக்கத்தில். எழுதும்போது இரண்டும் தனித்தனித் தலைப்புகள். பேசும்போது ஒரே மூச்சில் வர வேண்டும். போதாததற்குக் குறிப்பு ஆங்கிலத்தில். அவள் தேர்வில் மலாய் மொழியில் பேசுவதாக எழுதிக் கொடுத்திருந்தாள். சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் எனக்கே எது காரணம், எது சிகிச்சை என்று தலை சுற்றியது.

இரண்டாவது ஆள் வெளியே வந்தாள். மூன்றாவது ஆள் உள்ளே போனாள்.

“எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல வள்ளி. ஆரம்பத்துல இருந்து விட்டாத்தான் வரும்” என்றாள் புஷ்பவல்லி.

பக்கங்களை வாங்கி என் மடிக்குள் வைத்துக்கொண்டேன். போன மாதம் வார்டில் சிஸ்டரோடு அவள் பார்த்த கேஸைக் கேட்டேன்.

“அன்னைக்கு நீ முதல்ல என்ன செஞ்ச? பாடம் வேணாம். உன் கை என்ன செஞ்சுது?”

“கத்துனேன். ஆளுங்கள வரச் சொன்னேன்.” பிறகு வலது கையைத் தன் மடியிலிருந்த கைப்பையின் மேல் வைத்தாள். கை தானாக வட்டமாக நகர்ந்தது. “வயித்துமேல கைய வச்சேன். மெத்துனு இருந்துச்சு. சுருங்கல. அதான் தேச்சேன்.”

காரணமும் செயலும் சேர்ந்து வந்துவிட்டன. அட்டையில் மீதியிருந்த இடத்தில் நான் எழுதத் தொடங்கினேன். தமிழில் எழுதினேன், அதுதான் வேகமாக வந்தது. கூப்பிடு. தேய். எர்கோமெட்ரின் ஊசி. சிறுநீர். நஞ்சுக்கொடி முழுசா. கிழிசல் உண்டா. ஆறே வரி. ஒவ்வொன்றையும் சொன்னதும் ‘ஏனென்றால்’ என்று ஒன்று மட்டும் சொல், அதற்கு மேல் போகாதே என்றேன். மலாயில் சொல்லிப் பார்த்தாள். ஒன்றரை நிமிடம். மறுபடி சொன்னபோது ஊசியை விட்டுவிட்டாள். மூன்றாம் முறை சிறுநீர் ஊசிக்கு முன்னால் வந்தது.

“வெளக்கம் எங்க சொல்றது? அதச் சொல்லாம எப்படி முடிக்கிறது?”

கேட்டால் சொல் என்றேன். அவளுக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. தலைப்பில்லாமல் கட்டுரை எழுதச் சொன்னதுபோல் பார்த்தாள். நான் சொல்வது சரிதானா என்று எனக்கும் நிச்சயமில்லை. அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அட்டையை உள்ளே கொண்டுபோக முடியாது. என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

பத்து நிமிடம் கழித்து வந்தவள் பெஞ்சில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து அழுதாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டில் பிரசவம், பிள்ளை பிறந்து இருபது நிமிடம் ஆகிறது, நஞ்சுக்கொடி இன்னும் வரவில்லை, இரத்தம் போகிறது, நீ தனியாக இருக்கிறாய் என்றிருக்கிறார் டாக்டர். எங்கள் அட்டையில் நஞ்சுக்கொடி வெளியே வந்த கேஸ் மட்டும்தான் இருந்தது. அவசரத்தில் இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை.

என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“எதிர்ல மேசை இருந்துச்சு. கைய அதுமேல வச்சுட்டேன். வீட்டு ஆள அனுப்பி ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லுவேன்னேன். வயித்தத் தொட்டுப் பாப்பேன், தேப்பேன், ஊசி போடுவேன், சிறுநீர் எடுப்பேன். அப்புறம் கருப்பை சுருங்கிடுச்சான்னு பாத்துட்டு, மெதுவா கொடியப் புடிச்சு இழுத்துப் பாப்பேன், வரலன்னா வம்பு பண்ண மாட்டேன், டாக்டர் கையால எடுக்கணும், அது வரைக்கும் தேச்சுக்கிட்டே இருப்பேன்னேன். அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க. கிழிசல் சொல்லல. காரணம் நாலுல ரெண்டுதான் சொன்னேன். எத்தன மில்லி போனா ரத்தப்போக்குங்கிற வெளக்கத்தக்கூட அவரு கேக்கல.”

“டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா?”

“பேனாவ மூடிட்டாரு.”

பேனாவை மூடியது நல்லதா கெட்டதா என்று இருவரும் வெகுநேரம் பேசினோம். அவள் கெட்டது என்றே முடிவு செய்தாள். இரண்டு பக்கம் சொல்லாமலே உள்ளே தங்கிவிட்டது, போன முறை முழுவதையும் சொல்லியே விழுந்தவள் இந்த முறை பாதி சொல்லி எப்படித் தேறுவாள் என்பது அவள் கணக்கு. அந்த வாரமே துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

ஆறு வாரம் கழித்துத் தேறியவர்களின் பட்டியல் வந்தது. அவள் பெயர் இருந்தது. அலுவலகத்துக்குப் போய், தவறுதலாக ஏறிவிட்டதா என்று விசாரித்தாள். இல்லை என்றார்கள். நம்பாமல் பதிவெண்ணைக் காட்டி மறுபடியும் பார்க்கச் சொன்னாள்.

போன மாதம் கிள்ளானில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். தேர்வுக்குப் போகும் ஒரு பயிற்சிப் பெண் அவளிடம் குறிப்பு கேட்டு வந்திருந்தாள். புஷ்பவல்லி அந்த நான்கு பக்கத்தையும் எடுத்துக் கொடுத்தாள். நானும் பாதிதான் சொன்னேன், அந்த வருடம் டாக்டர் நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுடைய வலது கை மேசைமேல் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பக்கங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.