சேலத்துக்காரி

செருப்பில் துருத்திய ஆணி பாதத்தைக் கிழித்தது புளி வியாபாரி சையத் கவுஸுக்குத் தெரியவே இல்லை. தரையில் ரத்தத்தைப் பார்த்து அலறியவள் மனைவி ஹலீமா. ஒரு வருடமாக அவரிடம் முகம் கொடுத்துப் பேசாதவள், அன்று தருமபுரி ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்துவிட்டாள்.

"கண்ணை மூடிக்குங்க. குத்தறப்ப சொல்லுங்க" என்றார் டாக்டர்.

கவுஸ் காத்திருந்தார். கண்ணைத் திறந்தபோது கட்டைவிரலில் ஐந்தாறு ஊசிப்புள்ளிகள் சிவந்திருந்தன.

"நீரிழிவு எத்தனை வருசமா?"

"பத்துக்கு மேல இருக்குங்க."

"சர்க்கரை இத்தனை வருசம் ஏறியே கெடந்தா நரம்பு கெட்டுப்போகும், ரத்தக்குழாய் சுருங்கிடும். கால்ல மட்டுமில்ல." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "ஆசை இருக்கும். ஆனா நரம்பு சேதி கொண்டு போகாது, ரத்தம் போய் நிரம்பாது. ஆம்பளையா நடந்துக்க முடியாது. உங்களுக்கு எப்படி?"

கவுஸ் திரும்பிப் பார்த்தார். ஹலீமா பக்கத்திலேயே நின்றாள். அவர் புளி விற்கச் சேலம் போய்வருவதை வைத்து, 'சேலத்துல எவளை வெச்சிருக்கீங்க?' என்று அவள் கேட்டபோதெல்லாம் அவர் மறுத்ததில்லை. இயலாதவன் என்பதைவிட அந்தப் பழி தேவலாம் என்றிருந்தது.

"ஒரு வருசமா முடியலீங்க" என்றார், சுவரைப் பார்த்தபடி.

"அப்ப சேலத்துக்காரி?" என்றாள் ஹலீமா.

"அப்படி யாருமே இல்ல."

ஹலீமா அந்தப் பாதத்தையே வெறித்தாள்.

"அவ காலு அழுகிப் போகணும்னு தெனமும் துவா கேட்டேனே, பாவி!"