நின்றுகொண்டே ஓடிய வண்டி

என் தம்பிக்கு இன்ஜினை அணைக்க மனசு வராது. அவன் வாழ்க்கையில் நடந்தது எல்லாம் இந்த ஒரு குணத்தால் நடந்தது என்று மெக்கானிக் சொல்கிறார். நான் அதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் வீட்டு முன்னறையில் இருந்தான், இன்னும் இருக்கிறான். சொந்தமாக ஒரு டீசல் வேன், பின்னால் எட்டு சீட்டு. அதில் கிட்னி போன ஐந்து பேரை வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவான். ஆஸ்பத்திரிக்காரர்களே கொடுத்த ஓட்டம் அது. காலையில் ஏற்றிக்கொண்டுபோய் விடுவான். நாலு மணி நேரம் மெஷினில் ரத்தம் சுத்தமாகும். மத்தியானம் போய்த் திரும்பக் கூட்டிவருவான்.

மெஷினிலிருந்து எழுந்து வருகிறவர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். துணியைப் பிழிந்து போட்ட மாதிரி வருவார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் அவர்களுக்குப் பல் அடித்துக்கொள்ளும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் முடித்துவிடவும் மாட்டார்கள். முதல் ஆள் வந்து உட்கார்ந்து கடைசி ஆள் வருவதற்குள் முக்கால் மணி நேரம்கூட ஆகும். அத்தனை நேரமும் என் தம்பி இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே ஹீட்டரில் சூடு போட்டு வைத்திருப்பான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அப்படித்தான். நாலு வருஷம் அந்த வண்டி ஓடியதைவிட நின்றுகொண்டு உறுமியதுதான் அதிகம்.

மெக்கானிக் எங்கள் தெருக்கோடியில் தகரக் கூரை போட்டுத் தனியாளாக வேலை செய்கிறவர். கோபக்காரர், கை சுத்தமானவர். எண்ணெய் மாற்ற வண்டி போகும்போதெல்லாம் சொல்வார்.

“டேய், டீசல் வண்டிய இப்படி மணிக்கணக்கா நிக்க வெச்சு ஓட்டாத. கரி கட்டும்.”

“கட்டட்டும்ணே. அடுப்புல கூடத்தான் கரி கட்டுது, சமைக்காமயா இருக்காங்க?”

“அடுப்பு உங்க அக்கா கழுவுது. இத எவன் கழுவுறது?”

இவன் சிரித்துவிட்டு வந்துவிடுவான்.

ஒரு நாள் காலையில் அவன் வண்டியை எடுத்தபோது அடுப்படி ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. எட்டிப் பார்த்தேன். வண்டி நின்ற இடத்திலேயே குளிர்ஜுரக்காரன் போல நடுங்கிக்கொண்டிருந்தது. பின்னால் கன்னங்கரேல் என்று புகை. அவன் ஆக்சிலேட்டரை மிதித்தால் நடுக்கம் குறையும். காலை எடுத்தால் திரும்ப ஆரம்பிக்கும். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு வேறு எரிகிறது என்றான்.

ஐந்து பேரில் ஒரு அம்மா ரிட்டயரான பாட்டு டீச்சர். நாக்கு கத்தி மாதிரி. அன்றைக்கு ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்களாம், “ஏம்பா, என் ரத்தத்த மெஷின் சுத்தம் பண்ணுது. உன் வண்டிய எந்த மெஷின்ல படுக்க வெக்கணும்? தாளமே நிக்க மாட்டேங்குதே.” பின் சீட்டிலிருந்த பழைய மளிகைக்கடைக்காரர், “டீச்சர், இது உங்க பழைய மாணவனா இருக்கும், பாவம், பயத்துல நடுங்குது” என்றாராம். வண்டி முழுக்கச் சிரிப்பு. என் தம்பி வீட்டுக்கு வந்து இதை இரண்டு தடவை சொன்னான்.

அன்று சாயங்காலம் மெக்கானிக்கிடம் போனான். நானும் கூடப் போனேன். அவர் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வண்டியில் சொருகிப் பார்த்தார், முகம் கோணியது. பிறகு இன்ஜின் பக்கவாட்டிலிருந்து கைப்பிடி அளவு ஒரு இரும்புச் சாமானைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தார். இ.ஜி.ஆர் வால்வு என்றார்.

எனக்குப் புரியவில்லை என்றேன். புரிகிற மாதிரி சொன்னார்.

“அக்கா, இன்ஜின் விடுற புகையில கொஞ்சத்தத் திருப்பி இன்ஜினுக்கே குடுப்பாங்க. உள்ள எரியிற சூடு தணியும், ஊருக்குக் கெட்ட காத்து கம்மியாகும். எப்ப எவ்வளவு குடுக்கணும்னு இந்தக் கதவு பாத்துக்கும். தேவைக்குத் திறக்கும், இல்லன்னா மூடும். இப்பப் பாருங்க, மூடுதா?”

மூடவில்லை. கதவின் உதட்டில் கறுப்பாக, பாகு காய்ந்த மாதிரி ஏதோ அப்பியிருந்தது. புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து இறுகினால் அப்படி ஆகுமாம். பாதி திறந்தபடியே சிக்கிக்கொண்டது.

“நிக்கும்போது இன்ஜின் மெதுவா மூச்சு விடுது. அந்தக் கொஞ்ச மூச்சுலயும் காத்துக்குப் பதிலா புகையே போனா? அதான் நடுங்குது. சரியா எரியாம இன்னும் கரி, அந்தக் கரி திரும்ப இங்கயே.”

மருந்து அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, கதவு தடங்கலில்லாமல் திறந்து மூடும்வரை கழுவினார். பிறகு வால்வு இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். காற்று போகும் வழி என்றார். கட்டைவிரல் நுழையுமளவுதான் இடம் இருந்தது. மற்றதெல்லாம் கரி.

“ரெண்டு நாள் குடு. இந்தக் குழாய் மொத்தமும் கழட்டி எடுத்துடறேன். மூட்டுல வெக்கிற கேஸ்கெட் வெளியிலேர்ந்து வரணும், அதுக்கே ஒரு நாள். வால்வ மட்டும் மாட்டினா, உள்ள இருக்குற கட்டி ஒண்ணு பேந்து வந்து திரும்ப இங்கயே உக்காரும்.”

“நாளைக்கு ஓட்டம் இருக்குண்ணே.”

“ஒரு ஓட்டம் விடு.”

“விட்டா அவங்க எதுல போவாங்க?”

“ஏன், ஊர்ல வேற வண்டியே இல்லயா?”

“அதுல சூடு போட்டு வெச்சிருக்க மாட்டாங்கண்ணே.”

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே போட்டார். என்னைப் பார்த்து, “அக்கா, நீங்க சொல்லுங்க” என்றார்.

நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “அவன் சொல்றதும் சரிதானே” என்றேன். அன்றைக்கு நான் அதைத்தான் நினைத்தேன், அதனால் மாற்றிச் சொல்லமாட்டேன். அவர் வால்வை மாட்டினார். வண்டி பூனைக்குட்டி மாதிரி ஓடியது. மஞ்சள் விளக்கு அணைந்தது. என் தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் உதறிக்கொண்டு, “நின்னா அணைச்சுடு. அதையாவது செய்” என்றார்.

அவன் செய்யவில்லை. அடுத்த நாளும் சூடு போட்டு, ஓடவிட்டுத்தான் காத்திருந்தான்.

பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் காலை லேசாக நடுக்கம். மஞ்சள் விளக்கும் எரிந்ததாம், ஓட்டத்தை முடித்துவிட்டுக் காட்டலாம் என்று நினைத்தானாம். அடைமழை. ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு முந்தின பெரிய சிக்னலில் நின்றபோது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். இன்ஜின் இரண்டு தடவை குலுங்கி அணைந்துவிட்டது. திரும்ப ஸ்டார்ட் போட்டான். ஒரு புகை விட்டுவிட்டு அணைந்தது. மிதித்துக்கொண்டே போட்டுப் பார்த்தான், இன்ஜின் பிடிக்கவில்லை. போட்டுப் போட்டு பேட்டரியும் இறங்கியது. பின்னால் வண்டிகள் கத்துகின்றன. முன்னாலும் பின்னாலும் அடைத்துக்கொண்டதால் வேறு வண்டி கிட்டே வர முடியவில்லை. கண்ணாடியெல்லாம் ஆவி. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வண்டிக்குள் குளிர்ந்தது.

டீச்சர் அம்மா, “விடுப்பா, மழைல எல்லா வண்டியும்தான் நிக்கும்” என்றார்களாம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

நெரிசல் விட்டு, வேறு வண்டி கிடைத்து அவர்கள் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மெஷினிலெல்லாம் அடுத்த ஆட்களைப் போட்டுவிட்டார்கள். நாலு பேருக்கு அரைகுறையாகக் கிடைத்தது. மளிகைக்கடைக்காரருக்கு மறுநாள் வரச் சொல்லிவிட்டார்கள். விடிவதற்குள் அவருக்கு நெஞ்சில் நீர் ஏறி மூச்சு முட்டியது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். வந்தாரே தவிர, பழைய பேச்சு வரவில்லை.

அவருடைய மகள் ஆஸ்பத்திரியில் புகார் கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அப்பனாயிற்றே. போக்குவரத்தைப் பார்க்கிற ஆபீசர் என் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார். “வண்டில கோளாறு இருக்குன்னு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் சார்.”

“சரிபண்ண எத்தன நாள் கேட்டாங்க?”

“ரெண்டு நாள் சார்.”

தெரியாது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். பொய் சொல்லவும் அவனுக்கு வராது. ஓட்டம் அன்றே போயிற்று. வேறொரு வண்டிக்குக் கொடுத்துவிட்டார்கள், புது வண்டி.

அதற்குப் பிறகு நிறைய நேரம் கிடைத்தது. மெக்கானிக் இரண்டு நாள் கேட்டார், இவன் ஒரு வாரம் விட்டான். குழாயைக் கழற்றி அவர் சுரண்டிய கரி ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் பாதிக்கு மேல் நிறைந்தது. வால்வின் வாயிலிருந்து ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், புளியங்கொட்டை அளவுகூட இல்லை. அவர் சொன்ன மாதிரியே குழாயிலிருந்து பெயர்ந்து வந்து கதவிடுக்கில் உட்கார்ந்திருந்தது. என் தம்பி அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பை கறுப்பாகிவிட்டது, எத்தனை தோய்த்தும் போகவில்லை.

“நான் அன்னிக்கே சாவியப் புடுங்கி வெச்சிருக்கணும்” என்றார் மெக்கானிக். கோபம் இல்லாமல் அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

இப்போது அந்த இன்ஜின் ஓடுவதே தெரியாது. முன்னால் தண்ணீர் டம்ளர் வைத்தால் தண்ணீர் அசையாது. பின்னால் எட்டு சீட்டும் காலி.

ஒரு மத்தியானம் என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய்த் திரும்பும்போது, அவன் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஓரங்கட்டினான். எதிர்ச்சாரியில் அந்தப் புது வண்டி நின்றிருந்தது. இன்ஜினை அணைத்து, கதவைப் பூட்டிவிட்டு டிரைவர் எங்கோ போயிருந்தான். முறையாக வண்டி வைத்திருக்கிறவன் அப்படித்தான் செய்வான். டீச்சர் அம்மா வெளியே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சால்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்தியிருந்தார்கள். முழங்கால் இரண்டும் தடதடவென்று ஆடியது ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது.

“போய்க் கூப்பிடுடா, நம்ம வண்டில கொஞ்ச நேரம் உக்காரட்டும்” என்றேன்.

“கூப்ட்டேன்க்கா, போன வாரம். வேற வண்டில ஏறக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில எழுதி வாங்கிட்டாங்களாம்.”

கடைசி ஆள் வந்து, டிரைவர் வந்து, கதவு திறக்கும்வரை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். எங்கள் வண்டி இன்ஜினை அவன் எப்போது அணைத்தான் என்று நான் கவனிக்கவில்லை. அன்றைக்குக் குளிர்காற்று இருந்தது. எனக்குக் காலெல்லாம் விறைத்தது.

“சூடு போடேன்டா” என்றேன்.

அவன் சாவியைத் தொடவில்லை. என் போர்வையைப் பின் சீட்டிலிருந்து எட்டி எடுத்து மடியில் போட்டான்.

“வேணாம்க்கா. கரி கட்டும்.”