லேபிள் சுகுணா எழுதிய சீட்டு

எந்தப் பொட்டலத்தைக் கொடுத்தாலும் சுகுணா முதலில் திருப்பித்தான் பார்ப்பாள். கல்யாண வீட்டில் தாம்பூலப் பையோடு கொடுக்கிற பிஸ்கட்டைக்கூட அப்படித்தான். முன்பக்கத்தில் என்ன படம் போட்டிருக்கிறான் என்று அவளுக்குக் கவலையே கிடையாது. பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, "ம், பரவால்ல" என்பாள். அந்தப் "பரவால்ல" வந்த பிறகுதான் பக்கத்தில் இருக்கிறவர்கள் வாயைத் திறக்க முடியும். பாப்பாரப்பட்டியில் அவளுக்கு லேபிள் சுகுணா என்று பேர் வைத்தது நான்தான். அதற்காக அவள் இன்றைக்கும் என்னைத் திட்டுகிறாள்.

ஓசூர்ப் பக்கம் ஒரு மிட்டாய்க் கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். பாதாம் போட்ட சாக்லெட் ஓடி முடிந்து சாதா சாக்லெட் ஓட வேண்டும் என்றால், மெஷினை நிறுத்திக் கழுவி, பழைய உறைச் சுருளை எடுத்துவிட்டுப் புதுச் சுருளை மாட்ட வேண்டும். உள்ளே இருப்பதும் வெளியே எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது இவள் வேலை. ஒரு தடவை சுருள் மாறி, பாதாம் சாக்லெட் சாதா உறைக்குள் போயிருக்கிறது. சூபர்வைசர் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, சிவப்புப் பொத்தானை அமுக்கி மொத்த மெஷினையும் நிறுத்திவிட்டாளாம். இந்தக் கதையை என்னிடம் இருபது தடவையாவது சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் சூபர்வைசரின் குரல் ஏறிக்கொண்டே போகும்.

இப்போது ஊரில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறாள். தேங்காய் பன் அவள் கடையில் நன்றாக இருக்கும். அதைச் சொன்னால் என் வீட்டுக்காரரைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தப் பன்னில் பாதி அவர் வயிற்றுக்குள்தான் போகிறது.

என் வீட்டுக்காரர் மாதவராஜ் முன்பு கிணறு வெட்டுகிற கும்பலில் பாறைக்கு வெடி வைக்கிற வேலை பார்த்தார். அந்தக் கும்பலில்தான் குடியும் பழகியது. எத்தனை வருஷம் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். சேர்த்தோம். திரும்பி வரும்போது ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிடுகிறவர் உடம்பில் சாராயம் துளி போனாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்துவிடும். இருமல் மருந்துகூடக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து அவர் குடிக்கவில்லை. அதற்குப் பதிலாக வாய் இனிப்பைத் தேட ஆரம்பித்துவிட்டது. பன், பர்பி, சாக்லெட், எது கிடைத்தாலும் சரி.

ஆனால் நான் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன். சாயங்காலம் எங்கள் காட்டில் விவசாய வேலை முடிந்து அவர் வந்ததும், துண்டு வாங்குகிற சாக்கில் பக்கத்தில் போய் மூச்சை முகர்ந்து பார்ப்பேன். ஆறு மாதமும் விடாமல் பார்த்தேன். சுகுணா பொட்டலத்தைத் திருப்புகிற மாதிரிதான்.

எங்கள் மகள் வெண்மதி ஜெர்மனியில் நர்ஸ். கூட வேலை பார்க்கிற பெண் ஊருக்கு வருகிறாள், அவளிடம் உள்ளே ஏதேதோ அடைத்த சாக்லெட் பெட்டி ஒன்று கொடுத்துவிட்டிருக்கிறேன், சனிக்கிழமை வரும் என்று ஃபோன் பண்ணினாள். நான் பன் வாங்கப் போனபோது அதைப் பெருமையாகச் சுகுணாவிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"யாரு யாருக்குக் குடுக்கப் போற?"

"எல்லாருக்குந்தான். அன்னிக்குப் பெருமாளுக்குத் தளிகை போடறோம். எங்க நாத்தனார் வருது."

"முந்திரி தின்னா உதடு வீங்குமே, அந்தத் தீர்த்தம்மாளா? அப்புறம் உங்க வூட்ல மாத்திரை சாப்பிடறாரு. இதுல பொரட்டாசி வேற. ஏன்டி, உனக்கு அறிவிருக்கா?"

கடையில் நாலு பேர் நின்றார்கள். கேக் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து அதன் வெள்ளைப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். நாலு பேரும் காத்திருந்தார்கள். அவள் எழுதியது இது:

"கலைமதிக்கு. பெட்டி வந்ததும் திறக்காதே, திருப்பு. நம் ஊர்ப் பெட்டி மாதிரி சைவத்துக்குப் பச்சைப் புள்ளி இருக்காது, தேடாதே. பின்னால் இருப்பது ஜெர்மன். ஃபோன் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்க்கும். சந்தேகம் இருந்தால் வெண்மதிக்குப் படம் அனுப்பு.

பருப்பு: தடித்த எழுத்தில் இருக்கும். பாதாம், முந்திரி, அக்ரூட், ஹேசல்நட் எதுவும் தீர்த்தம்மாளுக்கு ஆகாது. 'இருக்கலாம்' என்று போட்டிருந்தாலும் ஆகாது. விழுதாக அரைத்து உள்ளே வைத்திருப்பான், கண்ணுக்குத் தெரியாது. அரிந்து பார்க்காதே. இது கத்திரிக்காய் இல்லை.

சாராயம்: ரம், பிராந்தி, லிக்கர், கிர்ஷ், ஆல்கஹால், எந்தப் பேரில் இருந்தாலும் சாராயம்தான். பட்டியல் மொத்தப் பெட்டிக்கும் சேர்த்து இருக்கும். எதில் என்று உள்ளே படம் போட்ட தாளில் பார். தெரியாவிட்டால் மாதவராஜ் அண்ணனுக்கு ஒன்றுகூடக் கொடுக்காதே.

ஜெலட்டின்: இருக்கிறதா என்று கட்டாயம் பார். இருந்தால் தளிகை வீட்டில் யாரும் தொடக் கூடாது."

வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பெட்டி வந்தது. தங்க நிற ரிப்பன் கட்டியிருந்தது. என் மகள் கொடுத்துவிட்ட பெட்டியைப் பார்த்ததும் சுகுணாவும் ஞாபகத்தில் இல்லை, ஒன்றும் இல்லை. ரிப்பனை அவிழ்த்துத் திறந்துவிட்டேன். இருபத்திநாலு சாக்லெட், ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அப்புறம்தான் சீட்டு ஞாபகம் வந்தது. மூடி மேல் சீட்டை வைத்துவிட்டு, அடுப்பில் சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடிக்கும் என்று உள்ளே ஓடினேன். அதுதான் நான் செய்த தப்பு.

அவர் குளித்து நாமம் போட்டுக்கொண்டு வந்தார். கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"கலை! உன் ஃபிரண்டுக்குக் கொழுப்பப் பாத்தியா? சாக்லெட்டுல ஜெலட்டின் இருக்கான்னு பாக்கணுமாம்! என்னா, வாயில போட்டா வெடிச்சிடுமா?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. எங்கள் பக்கத்தில் ஜெலட்டின் என்றால் ஒன்றுதான். கிணற்றிலும் கல் குவாரியிலும் பாறைக்குள் செருகி வெடிக்கிற குச்சி. இருபது வருஷம் அவர் கையில் புழங்கிய பொருள். தன் பழைய வேலையைச் சுகுணா கிண்டல் செய்து எழுதியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால், அந்த ஜெலட்டின் என்னவென்று எனக்கும் தெரியாது.

சீட்டில் கடைசியாக இருந்தது ஜெலட்டின். முதலில் கண்ணில் பட்ட அதைப் படித்துவிட்டு, மேல் வரிகளுக்குப் போயிருக்கிறார். சிரிப்பு நின்றுவிட்டது. நான் கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்தேன். அவர் முதுகுதான் தெரிந்தது.

"சாராயம்... அண்ணனுக்கு ஒண்ணுகூடக் குடுக்காத..." என்று வாய்க்குள் படித்தார். "ஓகோ. இதுவும் கிண்டலா? ஆறு மாசமாச்சி. இன்னும் மிட்டாயக்கூடச் சோதிச்சித்தான் எனக்குக் குடுக்கணுமா?"

கூப்பிட வாய் எடுத்தேன். அதற்குள் ரோஷத்தோடு பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்துவிட்டார்.

அவர் அப்படியே நின்றார். கடித்ததும் உள்ளே இருந்தது நாக்கில் வழிந்திருக்க வேண்டும். அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. வீட்டில் வேறு யாரும் இல்லை. விழுங்கியிருந்தால் சாக்லெட்டைத்தானே தின்றேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

தூ என்று கையில் துப்பினார். முற்றத்துக் குழாய்க்கு ஓடினார். கொப்பளித்தார், துப்பினார், மறுபடி கொப்பளித்தார். விரலை விட்டு நாக்கை வழித்தார். நாமம் கரைந்து மூக்கில் வழிந்தது. திரும்பியபோதுதான் என்னைப் பார்த்தார்.

"கலை, சுகுணா எழுதினது நெசந்தான். அதுக்குள்ள சரக்கு வச்சிருக்கான். நான் முழுங்கல. சத்தியமா முழுங்கல."

"பார்த்தேங்க," என்றேன். அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டோம். விழுங்காவிட்டால் பயமில்லை, ஆனாலும் இரண்டு மணி நேரம் தனியாக விடாதீர்கள், படபடப்போ வாந்தியோ மூச்சு முட்டலோ வந்தால் உடனே கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர். அடுத்து சுகுணாவுக்குப் போட்டேன். கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டியில் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டாள். வந்ததும் அவரைத்தான் பிடித்தாள்.

"எழுதினது அவளுக்கு. நீங்க எதுக்குண்ணா படிச்சீங்க? படிச்சதுதான் படிச்சீங்க, மேல இருந்து படிக்கக் கூடாதா?"

"நீ ஜெலட்டின்னு எழுதினா நான் என்னாம்மா நெனைக்கறது?"

"அது வெடி இல்லண்ணா. மாட்டுத் தோலு, எலும்பு, பன்னித் தோலு இதயெல்லாம் காச்சி எடுக்கற பசை. கொழகொழன்னு வர்றதுக்குப் போடுவான்."

அவர் யோசித்தார். "இன்னிக்குத் தளிகை. அதுக்கு வெடிக்கிற குச்சியே பரவால்ல," என்றார். அவ்வளவு பயத்திலும் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அவர் முகம் லேசாகச் சிவந்தது போல இருந்தது. அது மருந்தாலா வெட்கத்தாலா என்று தெரியவில்லை. சற்று நேரத்தில் அதுவும் தணிந்தது.

சுகுணா பெட்டியைத் திருப்பினாள். ஃபோனைக் காட்டிக் காட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படத்தாளை விரித்து எண்ணினாள். ஆறில் சாராயம். பதினொன்றில் ஹேசல்நட் விழுது. மீதி ஏழில் கேரமலும் காப்பியும், ஆனால் பெட்டி முழுவதற்கும் பருப்பு இருக்கலாம் என்ற எச்சரிக்கை உண்டு. ஆகவே தீர்த்தம்மாளுக்கு எதுவுமே கிடையாது. அண்ணனுக்கும் கிடையாது, ஒன்று கசிந்திருந்தால் பக்கத்தில் இருப்பதிலும் பட்டிருக்கும் என்றாள்.

"ஜெலட்டின்?" என்று கேட்டேன்.

பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தாள். "இல்ல," என்றாள் சின்னக் குரலில்.

இத்தனை கலாட்டாவும் பண்ணிய பொருள் பெட்டியிலேயே இல்லை. இதை நான் அவளுக்குச் சாகும்வரை சொல்லிக் காட்டுவேன்.

தளிகைக்கு வந்த தீர்த்தம்மாளுக்கும் அவருக்கும், தான் கையோடு கொண்டுவந்த தேங்காய் பன்னை வைத்தாள் சுகுணா. அன்றைக்குப் பருப்புப் போட்ட எதையும் தொடும் முன், அதிகாலையிலேயே தனித் தட்டில் சுட்டு எடுத்ததாம். அவர் மூன்று தின்றார். பெட்டியைத் தானே எடுத்துப் போவதாகச் சொன்னவள், கிளம்பும்போது என்னிடம் மெதுவாக, "துப்பினாரு பாத்தியா? அதுதான்டி லேபிள்," என்றாள்.

அன்று சாயங்காலம் அவர் காட்டுக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். வாசலில் நின்று, வழக்கம்போலத் துண்டை நீட்டி, நான் கிட்டே வருவதற்காகக் காத்திருந்தார். நான் மூச்சை முகர்வது அவருக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. நான் கிட்டே போகாமல், எட்டி நின்றே துண்டை வாங்கிக்கொண்டு, "கை கால் கழுவிட்டு வாங்க, காப்பி போடறேன்" என்று உள்ளே போனேன். அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, குழாயடிக்குப் போனார்.