ஒயரிங் லைனில் அக்கா இல்லாத மாதங்கள்

அந்த வருடம் அஞ்சல்வழியில் உளவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வேலை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார்களுக்கு ஒயரிங் கட்டித் தரும் ஒரு கம்பெனியின் பர்சனல் டிபார்ட்மென்டில். நிறுவன உளவியல் தாளுக்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். பண்புக் கோட்பாடு, சூழல் கோட்பாடு, உருமாற்றத் தலைமைக் கோட்பாடு மூன்றையும், நமக்குத் தெரிந்த ஒரு தலைவரை வைத்து ஒப்பிட வேண்டும்.

எனக்குத் தெரிந்த தலைவர் அந்த மழைக்காலத்தில்தான் இறந்து போயிருந்தார். மெயின் லைன் சூப்பர்வைசர், மண்ணூர்க்காரர். லைனில் எல்லாருக்கும் அவர் அக்கா. மஞ்சள் காமாலை என்று லீவு போட்டவர் திரும்பி வரவில்லை. லைனில் இருந்த பெண்கள் பெரும்பாலும் தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியவர்கள். துக்கத்துக்குப் போய் வந்த மறுநாள் லைன் நின்றுவிடும் என்று நாங்கள் பயந்தோம். நிற்கவில்லை. முன்னைவிட நன்றாக ஓடியது. மேனேஜர் ஒவ்வொரு மீட்டிங்கிலும் அதைப் பாராட்டினார்.

எனக்கு மட்டும் அந்த லைனைக் கடப்பது பிடிக்கவில்லை. ஒயர் முனையைக் கனெக்டருக்குள் தள்ளினால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வரும். வந்தால்தான் முனை உள்ளே பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். அக்கா அந்தச் சத்தத்துக்காகத் தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்ப்பார். இப்போது எல்லாப் பெண்களும் அப்படியே சாய்த்தார்கள். அவர் போன பிறகு வேலைக்குச் சேர்ந்த, அவர் முகத்தையே பார்க்காத பெண்களும் சாய்த்தார்கள். வரிசையாக நின்று ஒரே பக்கம் தலை சாயும். நடுவில் அக்கா நின்ற இடம் மட்டும் காலியாக இருக்கும். அங்கே யாரும் நிற்கமாட்டார்கள்.

கட்டுரையின் முதல் பகுதி சுலபமாக வந்தது. பண்புக் கோட்பாடு தலைவரிடம் இருக்கும் குணங்களைத் தேடும்: தன்னம்பிக்கை, அறிவு, நேர்மை, விடாமுயற்சி. அக்கா குள்ளம், குரல் எழும்பாது, மீட்டிங்கில் பேசச் சொன்னால் கைக்குட்டையைப் பிசைவார். ஆனால் சொன்னதைச் செய்வார், தப்பை மறைக்கமாட்டார். இதே குணங்களோடு இன்னொரு லைனில் இருந்த ஒருவரை ஏன் யாரும் மதிக்கவில்லை என்பதற்கு அந்தக் கோட்பாட்டில் பதில் இல்லை. அதை எழுதிவிட்டு, உருமாற்றத் தலைமைக்குத் தாவினேன். தானே முன்மாதிரியாக நிற்பது, வேலைக்கு ஒரு பெரிய அர்த்தம் காட்டுவது, ஒவ்வொருவரையும் தனியாகக் கவனிப்பது, கூட இருப்பவர்களைச் சொந்தமாக யோசிக்க வைப்பது. இந்த ஒயரில்தான் ஒரு குடும்பம் பத்திரமாக ஊர் போய்ச் சேரும் என்பார் அக்கா. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை என்பதும் அவருக்குத் தெரியும். ஆள் போன பிறகும் லைன் ஓடுகிறதே, இதைவிட என்ன சான்று வேண்டும் என்று எழுதினேன்.

அப்போதுதான் புது கார் மாடல் வந்தது.

அதன் கனெக்டரில் தனியாக ஒரு பூட்டு. முனை உள்ளே போனால் சத்தம் கேட்காது. லேசாக இழுத்துப் பார்த்து, பிறகு பூட்டை அழுத்த வேண்டும். பெண்கள் தலையைச் சாய்த்துச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை என்று இன்னும் அழுத்தினார்கள். முனைகள் வளைந்தன. செக்கிங் டேபிளில் சிவப்பு லைட்டாக எரிந்தது. சாயங்காலத்துக்குள் ரிஜெக்ட் பெட்டி நிரம்பி, இன்னொன்று கொண்டுவந்தார்கள்.

புது சூப்பர்வைசர் வல்லக்கோட்டைப் பக்கத்துப் பையன். டிப்ளமோ முடித்து, வேறு லைனில் இருந்து வந்தவர். கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். சாப்பிடவில்லை.

"அவங்கள்லாம் எனக்கு முன்னால இருந்து வேல பாக்கறவங்க மேடம். நான் போய் இன்னா சொல்றது? அவங்களே பாத்துப்பாங்கன்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா நின்ன எடத்துக்கிட்டப் போனா யாரோ பக்கத்துல நிக்கற மாதிரியே கீது. நான் எது சொன்னாலும் அவங்க என்னப் பாக்கறதில்ல. எனக்குப் பின்னால பாக்கறாங்க."

நான் அதைச் சிரித்துத் தள்ளவில்லை. அவர்கள் அப்படிப் பார்ப்பதை நானும் பார்த்திருந்தேன்.

கட்டுரையில் பாதிப் பக்கத்தில் முடித்துவிடலாம் என்று வைத்திருந்த சூழல் கோட்பாடு அப்போது நினைவுக்கு வந்தது. ஒரு ஆளுக்கு எத்தனை வருட அனுபவம் என்பதை வைத்து அந்தக் கோட்பாடு அளக்காது. கையில் இருக்கும் இந்த வேலைக்கு அவரிடம் திறமையும் மனமும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும். தெரியாத வேலையென்றால் அருகில் நின்று சொல்லித் தர வேண்டும். கொஞ்சம் பழகினால் காரணத்தை விளக்க வேண்டும். கை வந்த பிறகு கலந்து பேச வேண்டும். முழுக்க வசப்பட்டபின் அவர்களிடமே விட்டுவிடலாம். பழைய கனெக்டரில் அவர்கள் கடைசிப் படியில் இருந்தார்கள். புதியதில் எல்லாரும் முதல் படி. புது சூப்பர்வைசர் கடைசிப் படிக்கான தலைமையை முதல் படியில் கொடுத்துவிட்டார். இதை அவரிடம் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. "இந்த வேலைக்கு எல்லாரும் புதுசு சார். சொல்லிக் குடுங்க, தப்பா நெனக்கமாட்டாங்க" என்றேன்.

மறுநாள் காலை ஷிப்டில் லைனை நிறுத்தினார். காலி இடத்தில் போய் நின்றார். முனையைத் தள்ளினார், இழுத்துக் காட்டினார், பூட்டை அழுத்தினார். கடைசியில், லைனில் மூத்தவள், சாத்தான்குளத்துப் பெண், அழ ஆரம்பித்தாள்.

"சத்தம் கேக்கலன்னா அக்காவுக்கு வருத்தமா இருக்கும் சார்" என்றாள்.

அவர் மெதுவாகக் கேட்டார். "இந்தக் கனெக்டர அவங்க பாத்திருந்தா இன்னா பண்ணிருப்பாங்க?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "எப்படிப் பூட்டுதுன்னு மொதல்ல பிரிச்சுப் பாத்திருப்பாவ" என்றாள். ஒரு கனெக்டரை எடுத்துப் பிரித்தாள். மற்றவர்கள் அவளைச் சுற்றி வந்தார்கள். மதியத்துக்குள் சிவப்பு லைட் குறைந்தது. அந்த வாரக் கடைசியில் அவர் சொல்லித் தருவதை நிறுத்தி, கேட்டால் மட்டும் பதில் சொன்னார்.

நான் உருமாற்றத் தலைமைப் பகுதியைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். லைன் ஓடியதை மட்டும் வைத்து அந்தக் கோட்பாட்டுக்குச் சான்று சொல்ல முடியாது என்று எழுதினேன். அக்கா அவர்களுக்குப் பழக்கத்தையும் கொடுத்திருந்தார், யோசிப்பதையும் கொடுத்திருந்தார். துக்கத்தில் அவர்கள் பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். தலைவர் மீதான பக்தி, தலைவர் கற்றுக்கொடுத்ததையே மறைத்துவிடும் என்று அந்தக் கோட்பாட்டின் மீது வைக்கப்படும் குறை சரிதான். ஆனால் பழக்கத்துக்கு அடியில் இருந்த யோசனையை வெளியே எடுக்க, படி பார்த்துப் பேசும் இன்னொரு தலைமை தேவைப்பட்டது. மூன்றில் எது சரி என்று நான் முடிவு சொல்லவில்லை. ஒன்று தலைவரைப் பார்க்கிறது, ஒன்று வேலையின் முன் நிற்கும் ஆளைப் பார்க்கிறது, ஒன்று இருவருக்கும் இடையில் நடப்பதைப் பார்க்கிறது என்று முடித்தேன். நேர்முக வகுப்பில் பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, இறந்தவரைப் பற்றி எழுதும்போது அளவுக்கு மீறிப் புகழாமல் இருந்ததற்காக ஒரு மார்க் கூடப் போட்டதாகச் சொன்னார். எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை.

அடுத்த வருடம் அந்தப் பையன் ஒரகடத்துப் புது பிளான்டுக்குப் போனார். சாத்தான்குளத்துப் பெண் சூப்பர்வைசர் ஆனாள். நான் அங்கே இருந்தவரை, ஸ்டோருக்குப் போக வேண்டியிருந்தால், அக்கா நின்ற இடத்தைக் கடக்க மனமில்லாமல், லைன் வழியாகப் போகாமல், வெயிலில் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனேன்.