நாளைக்கு டெய்லரின் மாத்திரை

என் தம்பி மனைவியைத் தெருவில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘நாளைக்கு டெய்லர்’ என்றால்தான் தெரியும். துணி கொடுத்தவர் எப்போது வந்து நின்றாலும், “நாளைக்கு வாங்க, காஜா மட்டும்தான் பாக்கி” என்பாள். இன்னும் கத்தரியே படாத துணிக்கும் பொத்தான் துளை போடும் காஜாதான் பாக்கி.

அவளுக்கு முகம் உருண்டு வயிறு பெருத்தது. கைகால் குச்சியானது. லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போனது. மாதாமாதம் தன் சட்டைகளைப் பிரித்துப் பெரிதாக்கிக்கொண்டாள். “வயசானா ஊதத்தான் செய்யும் அண்ணி” என்று எனக்கே பாடம் எடுத்தாள். கடைசியில் காரணம் தெரிந்தது. இடப்பக்கச் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் ஒரு கட்டி, கார்ட்டிசாலை அளவில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கட்டியோடு சுரப்பியையும் எடுத்தார்கள்.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது நாற்பது வருடம் என் வேலை. அதனால் மாத்திரைப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. டாக்டரம்மா விளக்கினார்:

“கட்டியே எல்லா வேலையும் பாத்ததுல வலது பக்கச் சுரப்பி தூங்கிப்போச்சு. அது எழுந்திரிக்கற வரைக்கும் இந்த ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரைதான் அதுக்குப் பதில். காய்ச்சல் வந்தா ரெண்டு பங்கு. வாந்தியில மாத்திரை தங்கலைன்னா இதே மருந்தை ஊசியா போட்டுட்டு உடனே இங்க வந்துடணும். நீங்களா நிறுத்தினா உயிருக்கே ஆபத்து.”

“எப்ப எழுந்திரிக்கும் டாக்டர்?”

“சிலருக்கு ஒரு வருஷம், சிலருக்கு ரெண்டு வருஷத்துக்கு மேலயும் ஆகும். அடுத்த பரிசோதனையில பாக்கலாம்.”

ஐந்தாம் மாதம் ‘அடுத்த பரிசோதனையில பாக்கலாம்’. எட்டாம் மாதமும் அதேதான். “ஒரு தேதி சொல்லத் தெரியாதவங்க என்ன டாக்டர்!” என்று இவள் பொருமினாள். யார் சொல்கிறார்கள் பாருங்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

பதினோராம் மாதப் பரிசோதனை. முந்தின நாள் மதியத்துக்குப் பிறகும், அன்று காலை ரத்தம் எடுக்கும் வரையும் மாத்திரை கூடாது. போன முறை இப்படி மாத்திரை இல்லாமல் வந்தபோது அவள் துவண்டதில் கைப்பையைக்கூட நான்தான் சுமந்தேன். இந்த முறை அவள் பேருந்தில் நடத்துனரோடு சில்லறைக்குச் சண்டை பிடித்தாள். ஆஸ்பத்திரி மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறினாள்.

மதியம் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“பிரமாதமா இருக்கே! சுரப்பி எழுந்துடுச்சு போல. மாத்திரையை நிறுத்திடலாம்.”

தம்பி மனைவி என் விலாவில் இடித்தாள். எனக்கோ நடத்துனர் ஞாபகம் வந்தார்.

“அம்மா, ஒரு நிமிஷம்” என்றேன். அவள் பக்கம் திரும்பினேன். “ஏண்டி, காலையில மாத்திரை போட்டியா?”

“ரத்தம் எடுத்த பின்னாடி போட்டேன்.”

“அதுக்கு முன்னாடி?”

கூரையைப் பார்த்தாள். மின்விசிறி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

“ஒண்ணே ஒண்ணு அண்ணி. கஸ்டமர் ட்ரையல் பாக்க வர்றதுக்கு முன்னாடி இஸ்திரி போட்டு வைக்க மாட்டமா? வாடின மூஞ்சியோட வந்தா ஃபெயில் பண்ணிடுவாங்கன்னு...”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “அந்த மாத்திரையே கார்ட்டிசால்தாம்மா. நான் பாத்தது உங்க சுரப்பி இல்ல, நீங்க முழுங்கின மாத்திரை. இதை நம்பி நிறுத்தியிருந்தா, அடுத்த காய்ச்சல்ல ரத்த அழுத்தம் சரிஞ்சு நீங்க எழுந்திருக்கவே மாட்டீங்க.”

அவள் முகத்தில் இஸ்திரி கலைந்தது. திரும்பும் வழியில் நடத்துனர் மீதிச் சில்லறையை நீட்டியபோது எண்ணாமலே வாங்கிக்கொண்டாள்.

மறுவாரம் மறுபடி பரிசோதனை. இந்த முறை நான் அவளை அசையவிடவில்லை. மாத்திரைப் பெட்டி என் இடுப்பில். முடிவு தரைமட்டம். சுரப்பி சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அதன்பின் ஒழுங்காக இருந்தாள். உடம்பு இளைக்க இளைக்கச் சட்டைகளை மறுபடி பிடித்துத் தைத்தாள். எலும்பெல்லாம் நோகிறது என்று திட்டுவாள். அதிகச் சுரப்பில் ஊறிய உடம்பு அளவுக்கு இறங்கும்போது அப்படித்தான் நோகும். திட்டட்டும், மாத்திரை உள்ளே போனால் சரி. ஒரு முறை காய்ச்சல் வந்தபோது அவளே ரெண்டு பங்காகப் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

இருபதாம் மாதம், மாத்திரை இல்லாத காலையிலும் அவள் பேருந்தில் சண்டை போட்டாள். நான் பையிலிருந்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. ரத்தத்தில் அளவு நன்றாக இருந்தது. ஊசி போட்டுச் சுரப்பியைத் தூண்டிப் பார்த்ததும் அது பதில் சொன்னது.

“இனி தினசரி மாத்திரை வேண்டாம். கடுமையான காய்ச்சல், ஆபரேஷன்னா மட்டும் உடனே சொல்லிடணும், கொஞ்ச காலத்துக்கு” என்றார் டாக்டரம்மா.

“எப்பலேருந்து நிறுத்தணும்?” என்று கேட்டேன்.

“நாளைலேருந்து.”

தம்பி மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நிஜமா நாளைக்கா டாக்டர், இல்ல இன்னும் காஜா பாக்கியா?”