பதினான்காம் தேதிப் பேச்சு

ஸ்கேல் அக்கா என்றால் ஊரில் வீடு கட்டும் எஞ்சினியர்கள் எல்லோருக்கும் தெரியும். ஐம்பத்து நான்கு வயது. சொந்தமாக வீட்டுப் பிளான் வரைந்து கொடுப்பவள். கம்ப்யூட்டரில் வரைய ஆரம்பித்துப் பதினெட்டு வருடம் ஆன பிறகும் காதுக்குப் பின்னால் ஒரு பென்சிலும் மேசையில் ஒரு இரும்பு ஸ்கேலும் இல்லாமல் வேலைக்கு உட்கார மாட்டாள். அதனால் வந்த பேர்.

முன்னறையே ஆபீஸ். இரண்டு திரை, ஒரு பிரிண்டர், சுருட்டி வைத்த பிளான்கள், ஜன்னல் ஓரமாக மகள் ஒரு காலத்தில் பரீட்சைக்குப் படித்த நாற்காலி. அந்த நாற்காலியில் இப்போது பழைய பிளான்கள் உட்கார்ந்திருக்கின்றன. யாராவது வந்து உட்காரப் போனால் மட்டும் அக்கா, "அதுல வேண்டாம், கால் ஆடும்" என்பாள். கால் ஆடாது.

கணவர் போய்ப் பதினோரு வருடம். மகளுக்கு வீட்டில் பாப்பா என்றுதான் பேர். நர்ஸ். போன வருடத்துக்கு முந்தைய மார்ச் மாதக் கடைசியில் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கிளம்பினாள். கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டி பாதி திறந்து கிடக்க, அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலண்டர் போட்டாள். அதற்கு முன்பு வரி விஷயத்தை எல்லாம் பாப்பாதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு ஒரு படிக்கட்டில் எத்தனை படி வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். எந்த மாதம் எந்தத் தேதியில் அரசாங்கத்துக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று மட்டும் மண்டையில் ஏறாது.

பாப்பா சிவப்பில் நான்கு தேதி போட்டாள். ஜூன் பதினைந்து, செப்டம்பர் பதினைந்து, டிசம்பர் பதினைந்து, மார்ச் பதினைந்து. வருமான வரியை வருடம் முடியும்வரை வைத்துக்கொள்ளாமல் முன்கூட்டியே தவணையாகக் கட்டுகிற நாட்கள். நீலத்தில் ஜி.எஸ்.டி. தேதிகள். ஒரு காலாண்டு முடிந்த அடுத்த மாதம் பதிமூன்றுக்குள் பில் விவரம், இருபத்திரண்டுக்குள் கணக்குத் தாக்கல். காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு மட்டும் அடுத்த மாதம் இருபத்தைந்துக்குள் வரியைக் கட்டிவிட வேண்டும். ஒவ்வொரு தேதிக்கும் பத்து நாள் முன்னால் ஒரு மணி, முந்தின நாள் ஒரு மணி. மணி அடித்தால் திரையில் வெறும் தேதி வராது, பாப்பாவின் பேச்சு வரும்.

ஜூனுக்கு எழுதியிருந்தது: "அம்மா, வருஷத்துக்கு எவ்ளோ வரும்னு உத்தேசமா போடு. அதுக்கு வரி போடு. எஞ்சினியர் ஆபீஸ்ல ஏற்கனவே பிடிச்சதைக் கழி. மிச்சத்துல நூத்துக்குப் பதினஞ்சு. பெருசா யோசிக்காத, பிளான் போடற மாதிரிதான். கடைசி நாள் வரைக்கும் வெச்சுக்காத, சர்வர் படுத்துக்கும்." செப்டம்பருக்கு: "இப்ப மொத்தமா நாப்பத்தஞ்சு ஆகணும். ஜூன்ல கட்டின பதினஞ்சைக் கழிச்சுட்டு முப்பதுதான் கட்டணும். மறுபடி நாப்பத்தஞ்சு கட்டிட்டு என்கிட்ட அழாத." டிசம்பருக்கு எழுபத்தைந்து, மார்ச்சுக்கு நூறு. மார்ச் குறிப்பில் கணக்கோடு ஒரு வரி கூடுதலாக இருந்தது: "இதோட முடிஞ்சுது. நான் வந்துடுவேன்."

வருடா வருடம் திரும்பி வரும்படி வைத்த அந்தத் தொடருக்கு ஒரு கடைசி நாளும் வைத்திருந்தாள். இரண்டாவது மார்ச் பதினைந்து. அக்கா பல தடவை காலண்டரைத் தள்ளித் தள்ளி அந்த நாள்வரை போய்ப் பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. வெள்ளையாகக் கிடக்கும் ஏப்ரலைப் பார்த்தால் அவளுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

காலண்டர் இரண்டு போனிலும் தெரியும். கட்டி முடித்ததும் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் "கட்டியாச்சு" என்று அக்கா எழுத வேண்டும். எழுதாமல் இருந்தால், சிவப்புத் தேதிக்கு முந்தின நாளான பதினான்காம் தேதி பாப்பா கூப்பிடுவாள். அதுதான் ஏற்பாடு.

மற்ற நாட்களில் பேச்சு எழுத்தில்தான். பாப்பா டூட்டி முடிந்து வரும்போது அக்கா வேலையில் இருப்பாள்; அக்கா ஓய்கிறபோது பாப்பா தூங்குவாள். சாப்பிட்டியா, ஆச்சு. நல்லா இருக்கியா, இருக்கேன். அந்த முதல் ஜூனில் அக்கா நிஜமாகவே மறந்துவிட்டாள். பதினான்காம் தேதி காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது. முக்கால் மணி நேரம். முதல் ஐந்து நிமிடம் திட்டு, மீதி நேரம் பேச்சு. வார்டில் ஒரு தாத்தா இவளை எப்போதும் வேறு பேர் சொல்லிக் கூப்பிடுகிறாராம். குளிருக்குப் போட்டுக்கொள்ளும் கோட்டில் இவள் தலையணை உறை மாதிரி இருக்கிறாளாம். அக்கா சிரித்துச் சிரித்து ஒரு ஜன்னலைச் சுவருக்கு வெளியே வரைந்துவிட்டாள்.

செப்டம்பரில் எட்டாம் தேதியே கட்டி முடித்தாள். எழுதப் போன விரல் நின்றது. எழுதவில்லை. பதினான்காம் தேதி சேலையைச் சரிசெய்துகொண்டு, வீடியோ கால் இல்லை என்று தெரிந்தும், உட்கார்ந்திருந்தாள். போன் வந்தது.

"இன்னும் கட்டலையாம்மா?"

"எங்கடி நேரம், இந்தா இன்னிக்குக் கட்டிடறேன்."

அப்படித்தான் பழக்கமாயிற்று. சிவப்பு, நீலம் எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்னாடியே முடித்துவிட்டு, வாயில் மிட்டாயை ஒளித்து வைத்த பிள்ளை மாதிரி இருப்பாள். எஞ்சினியர்களிடம் மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள், என் மக என்னை மிரட்டி வெச்சிருக்கா என்று.

இரண்டாம் வருட டிசம்பர் வந்தது. எட்டாம் தேதி காலையில் சலானை உருவாக்கினாள், அதாவது இன்ன வரி, இவ்வளவு தொகை என்று தளத்தில் ஒரு சீட்டைப் போட்டு வைத்தாள். பணம் கட்டப் போகும்போது வங்கியிலிருந்து வர வேண்டிய எண் போனுக்கு வரவில்லை. வந்தது ஒரு எஞ்சினியரின் அழைப்பு. தளம் போடக் கம்பி கட்டிவிட்டார்களாம், மாடிப்படி பீமில் முட்டுகிறதாம், அக்கா உடனே வர வேண்டுமாம். அக்கா ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனாள். அந்தச் சீட்டு பதினைந்து நாள் செல்லும். அதுவரை கட்டாமல் விட்டால் தானாகக் காலாவதியாகிவிடும்.

திரும்பி வந்தபோது அவள் மனதில் அந்த வேலை முடிந்துபோயிருந்தது. எட்டாம் தேதி என்றால் முடித்தாயிற்று என்று அர்த்தம். ஒரு வருடத்துக்கு மேலாக அப்படித்தான். பத்து நாள் முன்னால் அடிக்கும் மணியோ முந்தின நாள் மணியோ அவளை எச்சரிக்கிற வேலையை எப்போதோ விட்டுவிட்டன. அவை அடித்தால் பாப்பா கூப்பிடப் போகிறாள் என்றுதான் பொருள்.

பதினான்காம் தேதி பதினொரு மணிக்கு உட்கார்ந்தாள். பன்னிரண்டு ஆயிற்று. ஒரு மணிக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து திரை முன்னாலேயே சாப்பிட்டாள். நாலு மணிக்கு ஒரு வரி வந்தது. "டபுள் டூட்டிம்மா. கட்டிட்டேல்ல?"

அக்கா "கட்டியாச்சு" என்று அடித்து அனுப்பினாள். காலண்டரிலும் எழுதினாள். கோபம் என்று சொல்ல முடியாது. பிரிண்டரை மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாக மூடினாள்.

ஜனவரியில் நீலத் தேதிக்காக, கணக்கைத் தாக்கல் செய்து கொடுக்கும் ஆடிட்டர் ஆபீசுக்குப் பில்களை அனுப்பினாள். அங்கே கணக்குப் பார்க்கும் பெண் அப்படியே வரிப் பதிவையும் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"மேடம், டிசம்பர் தவணை ஏறவே இல்லையே. ஜூன் இருக்கு, செப்டம்பர் இருக்கு, அவ்வளவுதான்."

அக்கா சலான் எண்ணைத் தேடினாள். சீட்டு இருந்தது. பக்கத்தில் காலாவதி என்று இருந்தது. வங்கிப் புத்தகத்தில் பணம் அசையவே இல்லை.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். விடுபட்ட தொகைக்கு மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி, ஒரு நாள் பிந்தினாலும் இந்தத் தவணைக்கு மூன்று மாத வட்டி. மார்ச் பதினைந்துக்குள் முழுதாகக் கட்டிவிட்டால் அதோடு போகும். உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. பிறகு சொன்னாள்: "இனிமே எங்க ஆபீஸ்லேருந்தே எல்லாத் தேதிக்கும் தானா மெசேஜ் வர மாதிரி போட்டுடறேன். உங்க பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்லுங்க. அவங்களுக்கும் பாரம் குறையும்ல?"

வட்டி அக்காவைத் தொடவில்லை. ஒரு வாசல் கதவு விலைகூட இல்லை. அந்தக் கடைசி வாக்கியம்தான் அன்று முழுக்கக் கூடவே இருந்தது. பாரம். பாப்பாவிடம் சொன்னால் அவள் சரி என்றுதான் சொல்வாள். ஆடிட்டர் ஆபீஸ் மெசேஜ் அனுப்பும், பதினான்காம் தேதி எல்லா நாளும் போல ஒரு நாளாகிவிடும். சொல்லாமலும் இருக்க முடியாது. பொய்யாகிப்போன "கட்டியாச்சு" பாப்பாவின் போனிலும் இருக்கிறது.

நடந்ததை எழுதி, வரிப் பதிவைப் படமெடுத்து அதோடு அனுப்பினாள். மறுநாள் பதினொரு மணி. தேதி பதினான்கு இல்லை, பத்தொன்பது. போன் அடித்தது.

அக்கா திட்டுக்குத் தயாராக இருந்தாள். பாப்பா திட்டவில்லை.

"அம்மா, இதுல செப்டம்பர் எட்டாம் தேதி போட்டிருக்கு."

"ம்."

"நான் பதினாலாம் தேதி கூப்பிட்டப்போ கட்டலைன்ன. போன வருஷத்தையும் எடுத்துப் பார்த்தேன். டிசம்பர் ஒன்பது. மார்ச் ஏழு. எல்லாமே."

அக்கா பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி அதே காதில் வைத்தாள். "சர்வர் படுத்துக்கும்னு நீதானடி எழுதியிருந்த" என்றாள்.

அந்தப் பக்கம் சிரிப்பா மூக்குறிஞ்சலா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம். பிறகு பாப்பா டூட்டியைப் பற்றிப் பேசினாள், அந்த வார்டுத் தாத்தா போய்ச் சேர்ந்ததைப் பற்றிப் பேசினாள். வரியை ஆடிட்டர் ஆபீசே பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். அக்கா சரி என்றாள். வைக்கிற நேரத்தில் பாப்பா, "இரு, காலண்டர்ல ஒண்ணு போடறேன்" என்றாள்.

ஐந்து நிமிடத்தில் வந்தது. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை, பச்சை. ஒவ்வொரு ஞாயிறும் காலை பதினொரு மணி. "கட்ட ஒண்ணும் இல்ல. பேசறதுக்கு."

அக்கா விரலால் தள்ளினாள். ஞாயிறு, ஞாயிறு, மார்ச் பதினைந்தின் கடைசிச் சிவப்பு, அதற்கப்புறமும் ஞாயிறு. பாப்பா வந்துவிடுவாள் என்று வெள்ளையாக இருந்த ஏப்ரலில் நான்கு பச்சை. மே. அடுத்த டிசம்பர். எங்கே நிற்கிறது என்று பார்க்க அதைத் தட்டித் திறந்தாள். முடியும் நாள் என்ற இடத்தில் பாப்பா எதுவும் போடவில்லை.

போனை மேசையில் ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு எழுந்து, ஜன்னல் ஓர நாற்காலியில் இருந்த பழைய பிளான்களை எடுத்துத் தட்டி அடுக்கி, திரும்ப அதிலேயே வைத்தாள். மாடிப்படி எஞ்சினியர் கூப்பிட்டார். "சொல்லுங்க தம்பி" என்றாள். "ஞாயித்துக்கெழமை காலைல மட்டும் கூப்பிடாதீங்க. மத்தபடி எப்ப வேணா."